வெயிலுக்கே போவதில்லை என்று சொல்லும் பெண்களுக்கு

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே,

தையல் மெஷின் முன்னால் உட்காருபவர்கள், கடைக் கல்லாவைப் பார்த்துக்கொள்பவர்கள், அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருப்பவர்கள், வாசல் திண்ணையில் பூக்கட்டுபவர்கள் என்று உங்களை மனதில் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் தோல் மருத்துவர். தென்மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் மருத்துவம் பார்க்கிறேன். கன்னத்தில் மங்கு விழுந்து என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "நான் வெயிலுக்கே போறதில்ல டாக்டர், எனக்கு எப்படி இது வந்துச்சு?" அதையடுத்துக் கைப்பையிலிருந்து இரண்டு மூன்று டியூப்கள் வெளியே வரும். எல்லாமே பாதி பிதுக்கியவை. எல்லாமே முதலில் வேலை செய்து பிறகு கைவிட்டவை. அந்த வாக்கியத்துக்கும் அந்த டியூப்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. புறநோயாளிக் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் அதற்குப் போதாது.

முதலில், உங்களுக்கு வந்திருப்பது மங்குதானா என்று பாருங்கள். கண்ணாடிக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் நில்லுங்கள். மங்கு பெரும்பாலும் இரண்டு கன்னத்திலும் விழும். கன்ன எலும்பின் மேட்டில், மூக்குத்தண்டில், நெற்றியில், மேலுதட்டுக்கு மேலே மீசை அரும்பும் இடத்தில் பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ படர்ந்திருக்கும். தடவிப் பார்த்தால் தோல் வழக்கம்போல மழமழவென்றுதான் இருக்கும். அரிக்காது, உரியாது, வலிக்காது. கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடித்து வெல்வெட் போல இருந்தால் அது மங்கு அல்ல. சர்க்கரையையும் எடையையும் பார்க்கச் சொல்லும் அறிகுறி. தலைச்சாயம் போட்ட பிறகோ குங்குமம் வைத்த இடத்திலோ மட்டும் அரித்துக் கறுத்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் மங்குக்கான களிம்பைப் போட்டால் பணம்தான் வீண்.

மங்கு வந்தால் ஈரலில் கோளாறு, கர்ப்பப்பையில் கோளாறு, ரத்தம் கெட்டுவிட்டது என்றெல்லாம் வீட்டில் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் இல்லை. மாமியார் வீட்டிலும் கல்யாண வீட்டிலும் உங்கள் முகத்தைக் காட்டிப் பேசுபவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்: இது தொற்றாது, உள்ளுறுப்பு நோயின் அடையாளமும் அல்ல. மாநிறத் தோலில் நிறம் உண்டாக்கும் செல்கள் சுறுசுறுப்பானவை. அவற்றை வெளிச்சமும் ஹார்மோனும் சேர்ந்து தூண்டிவிடும்போது சில இடங்களில் நிறம் அளவுக்கு மேல் சுரக்கிறது. நடப்பது அவ்வளவுதான். வெள்ளையாவது என் அக்கறை அல்ல, அந்த ஆசையை உங்களிடம் வளர்க்கவும் நான் விரும்பவில்லை. உங்கள் சொந்த நிறத்துக்கு முகம் முழுவதும் திரும்புவதுதான் இங்கே இலக்கு.

சென்ற ஆண்டு ஒரு தையற்கார அம்மா வந்தார். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். அவரும் வெயிலுக்கே போவதில்லை என்றுதான் ஆரம்பித்தார். காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்கிறீர்கள் என்று மணி வாரியாகக் கேட்டேன். காலையில் வாசல் தெளித்துக் கோலம். எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது. பத்து மணிக்குக் கடை திறப்பது. மதியம் சாப்பாட்டுக் கூடையோடு பள்ளிக்கு ஒருமுறை. பிறகு சாயங்காலம் ஆறரை வரை மெஷின். கடை மேற்குப் பார்த்தது. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டுமென்று மெஷினை வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறார். வாசல் அவருக்கு இடப்பக்கம். எதிரே சிமெண்ட் ரோடு, அதற்கப்பால் வெள்ளையடித்த மதில். முகத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மங்கு இருந்தது, ஆனால் இடக்கன்னத்தில் ஒரு பங்கு அழுத்தமாக இருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று அவருடைய கன்னமே சொல்லிவிட்டது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவரைப் பொறுத்தவரை வெயில் என்பது மண்டை காயும் வெயில், வேர்த்துக் கொட்டும் வெயில். தோலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. சூரிய ஒளியில் மூன்று பங்கைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டும். ஒன்று புற ஊதா பி கதிர். தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது இதுதான், நடுப்பகலில்தான் இது மிகுதி. இரண்டாவது புற ஊதா ஏ கதிர். இது சுடாது, அதனால் நமக்குத் தெரியாது. காலையிலும் மாலையிலும் இருக்கும், மேகம் மூடினாலும் பெரும்பகுதி இறங்கிவரும், ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். பி கதிரைவிடத் தோலில் ஆழமாக இறங்குவதும் இதுதான். மூன்றாவது, நாம் கண்ணால் காணும் வெளிச்சமே, குறிப்பாக அதிலுள்ள நீல, ஊதாப் பகுதி.

இந்த மூன்றாவது சங்கதி வெகுநாள் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் வெவ்வேறு நிறத் தோல்களின் மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் பாய்ச்சிப் பார்த்தார்கள். மாநிறத்தோருக்கும் கறுப்பு நிறத்தோருக்கும் தோல் கறுத்தது, அந்தக் கறுப்பு நீடித்தும் நின்றது. வெள்ளைத் தோலில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நிறம் உண்டாக்கும் செல்லில் நீல ஒளியை உணர்ந்து வேலையை முடுக்கிவிடும் ஆப்சின்-3 என்ற புரதம் இருப்பதும் பின்னால் தெரியவந்தது. நம்மைப் போன்ற தோலுக்கு இது முக்கியமான செய்தி. தார்ப்பாய் நிழலிலோ வாசலுக்கு உள்பக்கமோ உட்கார்ந்திருந்தாலும் ரோட்டிலும் மதிலிலும் பட்டுச் சிதறி முகத்தில் விழும் வெளிச்சத்தை நாளெல்லாம் வாங்கினால் மங்குக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் டியூப்லைட், எல்.இ.டி. பல்பு, செல்போன் பற்றிக் கேட்பீர்கள். சூரிய வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் நீல ஒளி மிகச் சொற்பம். மெஷினுக்கு மேலே ஒரு நல்ல விளக்கு போட்டுக்கொள்வதால் மங்கு கூடாது. அடுப்பின் அனல் மீதும் மருத்துவர்களுக்குச் சந்தேகம் உண்டு. இட்லிக் கடை, வடைச் சட்டி என்று நாளெல்லாம் தீக்கு முன் நிற்பவர்கள் முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் முதல் குற்றவாளி வாசல் வழியே வரும் பகல்தான்.

சரி, அதே வாசலில் தையற்கார அம்மாவின் அண்ணனும் உட்கார்ந்து காஜா எடுக்கிறாரே, அவர் முகத்தில் ஏன் இல்லை? ஆண்களுக்கும் மங்கு வரும். ஆனாலும் பெண்களுக்குத்தான் மிக அதிகம். காரணம் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோனும் நிறச் செல்களை வெளிச்சத்துக்குக் கூடுதலாக அசைந்துகொடுக்க வைக்கின்றன. கர்ப்ப காலத்தில் இரண்டும் ஏறுவதால்தான் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதத்தில் பல பேருக்கு முதன்முதலாக மங்கு தெரிகிறது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் சிலருக்குத் தானாகவே மங்கிவிடும். சிலருக்கு நின்றுவிடும், அடுத்த கர்ப்பத்தில் இன்னும் அழுத்தமாக வரும். குடும்பத்தில் அம்மாவுக்கோ சித்திக்கோ இருந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பும் அதிகம்.

தையற்கார அம்மாவுக்கும் மங்கு ஆரம்பித்தது இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது. பிரசவத்துக்கு அப்புறம் ஓரளவு குறைந்ததாம். ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி ஏறியது. அந்தச் சமயத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை? "அது மாத்திரையா டாக்டர், அது தினமும் போடுறதுதானே" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என். அதில் எத்தினைல் எஸ்ட்ரடயால், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்று இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. கடையில் விலைக்கு விற்கும் பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளும் இதே வகைதான். மங்கு உள்ளவருக்கு இது வாசல் வெளிச்சத்தோடு கைகோத்துக்கொள்ளும்.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்று வழி இல்லாமல் நிறுத்தினால் கர்ப்பம் தரிக்கலாம், கர்ப்பமே மங்கை இன்னும் ஏற்றும். அந்த அம்மா மகப்பேறு மருத்துவரிடம் பேசிக் காப்பர்-டி போட்டுக்கொண்டார். அதில் ஹார்மோன் எதுவும் கிடையாது. மாத்திரையே வேண்டும் என்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜென் சேராத சாயா மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. எது உங்களுக்குச் சரிப்படும் என்பதை மகப்பேறு மருத்துவரே சொல்ல வேண்டும். மாத்திரையை மாற்றினால் மட்டும் மங்கு போய்விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூண்டிவிடுகிற இரண்டு கைகளில் ஒன்று விலகும், அவ்வளவே.

இனி களிம்புக்கு வருவோம். நிறச் செல்லுக்குள் டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்தால்தான் நிறமி உண்டாகும். ஹைட்ரோகுவினோன், அசெலாயிக் அமிலம், கோஜிக் அமிலம் போன்ற மருந்துகள் இந்த நொதியின் வேகத்தைக் குறைக்கின்றன. ஏற்கெனவே உண்டான நிறமி மேல்தோலில் இருக்கிறது. தோல் அடியிலிருந்து வளர்ந்து மேலே வந்து உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் எந்த நல்ல களிம்பும் பலன் காட்டவே நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும், சொல்லிக்கொள்ளும்படியான மாற்றத்துக்கு மூன்று மாதம் தேவை. இந்த மூன்று மாதமும் ராத்திரி எட்டு மணி நேரம் மருந்து உற்பத்தியைக் குறைக்கிறது. பகல் எட்டு மணி நேரம் வாசல் வெளிச்சம் அதே உற்பத்தியைக் கூட்டுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது இதுதான். எவ்வளவு விலையுயர்ந்த களிம்பானாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது.

சொல்லப்போனால் களிம்பு சில சமயம் நிலைமையை மோசமாக்கும். ட்ரெட்டினாயின் சேர்ந்த மருந்துகள் மேல்தோலை மெல்லியதாக உரிக்கின்றன. உரிந்து சிவந்த தோலை வெயிலில் காட்டினால் அந்தப் புண்ணே கறுப்பாக ஆறும். மாநிறத் தோலில் கொசுக்கடி ஆறினாலும் கறுப்புத் தழும்பு நிற்கிறது அல்லவா, அதே இயல்புதான். எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பவர்களுக்கும், வாராவாரம் பியூட்டி பார்லரில் பிளீச்சிங் போடுபவர்களுக்கும் இதுவே நடக்கிறது. தேய்த்தால் போகும் அழுக்கு அல்ல இது. தேய்க்கத் தேய்க்கக் கூடும்.

தையற்கார அம்மா கொண்டுவந்த டியூப்களில் ஒன்று, நம் ஊர் மருந்துக்கடைகளில் சீட்டே இல்லாமல் நீட்டப்படும் மூன்று மருந்துக் கலவை: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. இந்தக் கலவையின் மூலவடிவத்தை 1975இல் கிளிக்மேன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் உருவாக்கினார். மருத்துவர் பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் போட்டு நிறுத்தினால் இன்றைக்கும் பயனுள்ள மருந்துதான். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி, கடைக்காரர் கொடுத்து, மாதக்கணக்கில் போடும்போதுதான் விபரீதம். முதல் மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். ஸ்டீராய்டு எல்லாத் தோலையும் அப்படித்தான் வெளுக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும், மங்கு பழையபடி திரும்பும். பயந்துபோய் மறுபடி போடுவீர்கள். அந்த அம்மா இப்படி ஒன்றரை ஆண்டு ஓட்டியிருந்தார். கன்னத்தில் மெல்லிய ரத்த நாளங்கள் சிவப்பு நூல் போலத் தெரிந்தன, காதோரம் பூனைமுடி வளர்ந்திருந்தது, வெயிலில் போனால் மிளகாய் பூசினாற்போல எரிகிறது என்றார். இப்படி ஆன முகத்துக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைக்க வேண்டிய அளவுக்கு இது பரவியிருக்கிறது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டவணை எச்-இல் சேர்த்தது. ஆனாலும் அவை கடைகளில் தாராளமாகக் கைமாறுவதைத் தினமும் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க மனம் கொதிக்கிறது.

உங்கள் டியூபை எடுத்துச் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நெடுநாள் போட்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சேர்மானமே எழுதாமல் டப்பாவில் வரும் சிவப்பழகு கிரீம்களைத் தொடவே வேண்டாம். பாதரசம் கலந்த இத்தகைய கிரீம்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் பாதுகாப்பு எதில் இருக்கிறது? சன்ஸ்கிரீன் என்றதும் "அதையும் போட்டுப் பாத்துட்டேன் டாக்டர்" என்பீர்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால் சுண்டுவிரல் நகத்தளவு காட்டுவீர்கள். டியூபின் மேல் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப். எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்து கண்டது. அதில் பாதி பூசினால் பாதுகாப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். வீட்டில் அளக்கத் தராசு வேண்டாம். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை நீளமாகப் பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடும் சேர்ந்ததுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவு, குறைந்தது ஒரு கிராம். மொத்தமாக அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் ஒரு விரல் அளவைப் பூசிச் சற்று உலரவிட்டு, அடுத்ததைப் பூசினால் படிந்துவிடும். வெளிச்சத்தில் இருக்கும் வரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும். தையல் வேலைக்கு நடுவே அத்தனை முறை முடியாது என்றால் காலை கிளம்பும் முன் ஒருமுறை, மதியம் முகம் கழுவித் துடைத்து ஒருமுறை என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. ஒருவேளைக்கு ஒரு கிராம், நாளுக்கு இரண்டு வேளை என்றால் 50 கிராம் டியூப் 25 நாளில் தீர வேண்டும். உங்கள் டியூப் தீபாவளிக்கு வாங்கியது பங்குனி உத்திரம் வரை வருகிறதென்றால் நீங்கள் சன்ஸ்கிரீன் போடவில்லை என்றே அர்த்தம். தையற்கார அம்மாவுடையது ஐந்து மாதமாகியும் முக்கால் பாகம் இருந்தது.

எதை வாங்குவது? எஸ்.பி.எஃப். 30க்குக் கீழே வேண்டாம், 50 இருந்தால் நல்லது. அந்த எண் பி கதிரைத்தான் குறிக்கும். ஏ கதிருக்குப் பி.ஏ. என்று போட்டுக் கூட்டல் குறிகள் இருக்கும். மூன்று நான்கு குறிகளாவது இருக்க வேண்டும். ஆனால் மங்குக்கு இதுவும் போதாது. சாதாரண சன்ஸ்கிரீன் வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். அதை மறிப்பது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்கு நிறம் தரும் அதே பொருள்தான் இது. சேர்மானப் பட்டியலில் இரும்பு ஆக்சைடு இருந்து, பிதுக்கினால் தோல் நிறத்திலோ பழுப்பாகவோ வரும் சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள். 2014இல் மெக்சிகோவில் மங்கு உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே ஹைட்ரோகுவினோன் களிம்பைக் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண சன்ஸ்கிரீன், மறு குழுவுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்தது. இரும்பு ஆக்சைடு போட்டவர்களுக்கே மங்கு கூடுதலாகக் குறைந்தது. களிம்பு ஒன்றுதான், வெளிச்சத்தை மறித்த அளவு மட்டும் வேறு. உங்கள் தோல் நிறத்தில் ஒரு ஃபவுண்டேஷன் ஏற்கெனவே வைத்திருந்தால் அதிலும் பெரும்பாலும் இந்த ஆக்சைடு இருக்கும், சாதாரண சன்ஸ்கிரீனுக்கு மேலே அதைப் பூசிக்கொள்ளலாம். வெறும் வெள்ளை முகப்பவுடரை நம்ப வேண்டாம்.

மாதம் ஒரு டியூப் என்றால் சில நூறு ரூபாய் ஆகும். அது எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் செலவில்லாததைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். தையற்கார அம்மாவின் மெஷினை வாசலிலிருந்து உள்ளே தள்ளி, முதுகு வாசலைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார்கள். மேலே ஒரு எல்.இ.டி. பல்பு. கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் துணியில் விழுந்தது, முகத்தில் பகல் விழவில்லை. வாசலில் அடர்த்தியான திரை ஒன்று பாதிக்குத் தொங்கியது. மதியம் பள்ளிக்குப் போகும்போது கறுப்புக் குடை. ஸ்கூட்டரில் போகும்போது முகத்தைச் சுற்றிக்கொள்ளும் துப்பட்டாவை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பக்கம் நின்ற மகளின் முகம் அதன் வழியே தெரிந்தது. முகம் தெரிகிற துணி வெளிச்சத்தையும் விடும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணிக்கு மாறினார். கோலத்தை ஆறு மணிக்குள் முடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகுதான் களிம்பு. முதல் ஆறு வாரம் ஸ்டீராய்டிலிருந்து மெல்ல விலக்குவதிலேயே போனது. அந்த நாட்களில் முகம் சிவந்து எரிந்தது, அழுதிருக்கிறார். அதன்பின் இரவில் அசெலாயிக் அமிலம், தோல் ஆறிய பிறகு மூன்று மாதத்துக்கு மட்டும் ஹைட்ரோகுவினோன். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் போட்டால் தோலுக்குள் நீலக் கறுப்பு படிந்து பிறகு போகவே போகாது, அதனால் இடைவெளி விட்டே ஆக வேண்டும். ஆறாவது மாதம் வலக்கன்னத்தில் மங்கு இருந்த இடம் தேடினால்தான் தெரிந்தது. இடக்கன்னத்தில் பாதிக்கு மேல் குறைந்து சாம்பல் நிறமாக ஒரு நிழல் நின்றது. நிறமி அடித்தோலுக்குள் இறங்கிவிட்ட பகுதி அது. களிம்பு அங்கே எட்டாது. தோலுக்குள் இருக்கும் துப்புரவுச் செல்கள் மெதுவாகத்தான் அள்ளிக்கொண்டு போகும், ஆண்டுகள் ஆகலாம். லேசர் வைத்தால் ஒரே நாளில் போகும் என்று விளம்பரம் பார்ப்பீர்கள். மாநிறத் தோலில் லேசரின் சூடே மறுபடி கறுப்பைக் கிளப்பிவிடுவது உண்டு, நான் அதை முதல் மருந்தாக யாருக்கும் சொல்வதில்லை. ட்ரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை சிலருக்கு நன்றாக உதவுகிறது. ஆனால் ரத்தம் உறையும் சிக்கல் வந்தவர்களும், ஈஸ்ட்ரோஜென் சேர்ந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை எடுக்கக்கூடாது. கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை அல்ல அது.

இந்த ஆண்டு சித்திரைத் தேருக்கு அந்த அம்மா குடையில்லாமல் அரை நாள் நின்றார். இரண்டு வாரத்தில் இடக்கன்னத்து ஓரம் மறுபடி கறுத்தது. நிறச் செல்கள் பழைய பழக்கத்தை மறப்பதில்லை, மங்கு போன பிறகும் வெளிச்சத்துக்கு எளிதில் தூண்டப்படும். களிம்பை நிறுத்தும் நாள் வரும், சன்ஸ்கிரீனுக்கும் குடைக்கும் அந்த நாள் கிடையாது.

உங்களில் இப்போது கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் இப்போது வேண்டாம். ஆனால் வெளிச்சத்தை மறிக்கலாம், அதற்குத் தடையில்லை. மொராக்கோவில் கர்ப்பிணிகளுக்கு நல்ல சன்ஸ்கிரீனைக் கொடுத்து, சரியாகப் போடவும் சொல்லிக் கொடுத்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கடைசி வரை இருந்த 185 பேரில் 5 பேருக்குத்தான் புதிதாக மங்கு வந்தது. அதே சூழலில் அதற்கு முன் பார்த்த கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருந்தது. துத்தநாக ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்கினால் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிய கவலையும் வேண்டாம். மூன்றாம் மாதத்திலேயே தொடங்குங்கள், மங்கு தெரிந்த பிறகு அல்ல.

தோல் மருத்துவரிடம் போகும்போது இதுவரை போட்ட டியூப்களை வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள், தீர்ந்தவற்றையும் சேர்த்து. கருத்தடை மாத்திரை அட்டையை எடுத்துப் போங்கள். பவுடர் பூச்சு எதுவும் இல்லாமல், கழுவிய முகத்தோடு போங்கள். உங்கள் மெஷினோ கல்லாவோ திண்ணையோ இருக்கும் இடத்தை, நீங்கள் வழக்கமாக உட்காரும் நேரத்தில், வாசலும் சேர்ந்து விழும்படி செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தப் படத்தை நீங்களே காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப்பக்கத்துத் தோல் மருத்துவர்